ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும்

பல்லாவரத்தில் ஷரீஃபா நடத்துகிற ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஆதார் அட்டையை மெஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போகாதவர்கள் அந்த வட்டாரத்தில் ரொம்பக் குறைவு. அவளும் சளைக்காமல் கூப்பிட்டுக் கொடுப்பாள். கொடுக்கும்போது இரண்டு வார்த்தை திட்டும் சேர்த்துத்தான் கொடுப்பாள். ஓய்வுபெற்ற ராஜகோபாலன் சார்கூட தப்பியதில்லை. பேரன் படிப்புக்கென்று குடும்பத்தின் மொத்தச் சான்றிதழ்களையும் கடைக் கம்ப்யூட்டரின் முகப்புத் திரையிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியவரைப் பாதித் தெருவிலிருந்து திருப்பி அழைத்து, "சார், பீரோவத் தெருவுல தொறந்து வெச்சுட்டுப் போவீங்களா?" என்று கேட்டவள் அவள்.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. முன்பு பள்ளிக்கரணையில் குடியிருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது, கட்டிலுக்கு அடியில் சான்றிதழ்கள் இருந்த டிரங்குப் பெட்டிதான் முதலில் மூழ்கியது. லேமினேட் செய்தது எதுவும் கெடாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓரம் விட்டுப்போய் உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தங்கி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நீல மையாகக் கரைத்து வைத்திருந்தது. மிச்சத்தைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றினாள். போனதற்கு நகல் வாங்க ஏழு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள்.

அதற்குப் பிறகு அசல்கள் எல்லாம் பேங்க் லாக்கருக்குப் போயின. ஸ்கேன்கள் கிளவுடில் ஒரு பெட்டகத்துக்குப் போயின. அரசாங்க லாக்கர் ஆப்பில் தேடினால் அவளுடைய பழைய மார்க் ஷீட்டுகள் வரவில்லை. அந்தக் காலத்தது என்றால் பல நேரம் அப்படித்தான். ஆகவே தானே ஸ்கேன் செய்து ஏற்றினாள். அவள் அடுக்கிய அழகைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அடையாளம், படிப்பு, மருத்துவம் என்று தனித்தனியாக. ஃபைல் பெயரில் யாருடையது, என்ன காகிதம், எந்த வருஷம் மூன்றும் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. தெளிவான பெரியது ஒன்று. அப்ளிகேஷன்களில் கேட்கிற மாதிரி ஒரு எம்பிக்குள் அடங்கும் சின்னது ஒன்று. ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியும் தனியாக உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் முழு நம்பரைத் தூக்கிக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்காது.

வீட்டு வேலை, கடை வேலை, மகள் கைனாத்தின் படிப்பு இவற்றுக்கு நடுவே அஞ்சல் வழியில் பி.காம். முடித்தாள். டிகிரி கைக்கு வந்தபோது நாற்பது வயது. அன்றே அதையும் ஸ்கேன் செய்து ஏற்றினாள். நாற்பத்து மூன்றாவது வயதில் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆபீசில் சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தனக்காகப் போட்ட மனு. கணவர் அப்துல் ரசாக்கிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், "பாத்துக்கலாம்" என்றார். சரியா, வேண்டாமா, அந்த ஒரு வார்த்தையில் எதைக் கண்டுபிடிப்பது?

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு மெயில் வந்தது. ஏழு சான்றிதழ்களையும் மாலை ஐந்து மணிக்குள் இந்த லிங்கில் ஏற்ற வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வாய்ப்புப் போகும் என்று எழுதியிருந்தது. ஷரீஃபா பதறவில்லை. எல்லாம் தயாராக இருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்று வந்த ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்து மூன்று மணிக்குத்தான் உட்கார்ந்தாள்.

பாஸ்வேர்டைப் போட்டாள். நாற்பத்தேழு என்று முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கக் கோடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்று பெட்டகம் கேட்டது.

அந்த எண் ரசாக்குடையது. பெட்டகம் திறந்த புதிதில் அவளுடைய நம்பர் நிலையாக இல்லை. தவிர, அந்த வீட்டில் கேஸ் புக்கிங், பேங்க், ஆதார், மகளின் ஸ்கூல் எல்லாமே அவர் நம்பரில்தான். யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்ததில்லை. ஃபார்மில் மொபைல் எண் என்ற கட்டம் வந்தால் கை தானாக அவர் நம்பரை எழுதிவிடும், அவ்வளவுதான். இத்தனை நாள் அவளுடைய ஃபோனில் பெட்டகம் திறந்தபடியே இருந்ததால் இடைஞ்சல் தெரியவில்லை. அந்த ஃபோன் வியாழக்கிழமை வாளித் தண்ணீரில் விழுந்து சர்வீஸ் கடையில் கிடந்தது. கையில் இருந்தது பழைய பட்டன் ஃபோன். கடைக் கம்ப்யூட்டரையோ, நாலு பேர் தொடுகிறது என்று, நம்பகமான கருவியாக அவள் ஒருநாளும் பதிந்ததில்லை. அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

அவருக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரசாக் வேலை பார்க்கிற நாகல்கேணி தோல் ஃபேக்டரியில் ஃபோன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஐந்தரைக்குத்தான் திருப்பித் தருவார்கள். ஆபீஸ் லேண்ட்லைனில் யாரும் எடுக்கவில்லை. அசல்களை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்யலாமென்றால் இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் மூடியிருந்தது. அவசரத்துக்கென்று பெட்டகம் தருகிற பேக்கப் கோடுகள்? வருகிறவர்களிடமெல்லாம் அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்பவள், தன்னுடையதை பிடிஎஃப் ஆக்கிப் பத்திரமாகப் பெட்டகத்துக்குள்ளேயே போட்டிருந்தாள். கெட்டிக்காரி! அதை நினைத்தபோது அவளுக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது.

ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டை, அங்கிருந்து இன்னொரு ஆட்டோ. வழியெல்லாம் அவள் மனசில் ஓடியது நேரம் மட்டுமல்ல. வேலை நேரத்தில் ஆளை வெளியே கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வருமோ, இதுக்காகவா வந்தே என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாரோ என்றும் இருந்தது.

கேட்டில் காவலுக்கு இருந்த ஜெயவேலுவுக்கு அவளை முன்பின் தெரியாது. யார் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"ரசாக் பாய் ஃபோனா? அது மூணு மணிலேருந்து கத்திகினே கீதுக்கா. இன்னா ஏதுன்னு நானும் பேஜாராயிட்டேன்."

ஆனால் ஃபோனை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றார். உரியவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தர முடியும், அவர் வர சூப்பர்வைசர் சீட்டு வேண்டும் என்றார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த நிமிஷமே, தன் கடையில் யாராவது அடுத்தவர் காகிதத்தைக் கேட்டால் தானும் இதைத்தானே சொல்வோம் என்று மென்று விழுங்கினாள். சூப்பர்வைசரிடம் ஆள் போய்ச் சீட்டு வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

ரசாக் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் நேராக ஜெயவேலுவிடம் போனார். கையெழுத்துப் போட்டு ஃபோனை வாங்கினார். தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்த விரலை ஃபோன் ஏற்கவில்லை. பின் நம்பரைத் தட்டித் திறந்தார். கடையில் அவள் திரும்பத் திரும்பக் கேட்டதில், உள்ளே ஐந்து கோடுகள் வரிசையாக வந்து கிடந்தன. முதலில் இருந்ததைப் படிக்கப் போனவரைத் தடுத்து, அதெல்லாம் பத்து நிமிஷத்திலேயே செத்துப்போயிருக்கும் என்றாள். அந்த ஃபோனிலேயே மெயிலைத் திறந்தாள். பெட்டகத்துக்குப் பாஸ்வேர்டு போட்டுப் புதுக் கோடு கேட்டாள். கேட்டருகே டவர் சரியாக இல்லாததால் இருவரும் டீக்கடை வரைக்கும் நடந்தார்கள். நாலு முப்பத்தொன்றுக்குக் கோடு வந்தது.

பெட்டகம் திறந்தது. சின்னப் பிரதிகள் ஏழையும் இறக்கி, லிங்கில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். எது எங்கே என்று ஒரு இடத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. நாலு நாற்பத்திரண்டுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று கல்லூரியிலிருந்து பதில் மெயில் வந்து விழுந்தது. அப்பாடா! ஷரீஃபா டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரசாக் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். எப்போதோ தொலைந்துபோன அவருடைய ஒன்பதாம் வகுப்பு டி.சி. அதில் இருந்தது. எப்படி என்று கேட்டார். நீங்கள் படித்த பள்ளிக்குப் போய், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு மனுவை வைத்து நகல் வாங்கினேன், நீங்கள்தான் என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்கள் என்றாள். அவர் மற்ற ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

பிறகு, "இது எல்லாத்துக்கும் கோடு என் ஃபோனுக்கா வருது?" என்றார்.

"ஆமாங்க."

"உன் நம்பருக்கு மாத்து. இப்பவே மாத்து. நான் உள்ள இருக்கிறப்ப நீ கேட்டாண்ட வந்து நிக்கக் கூடாது."

நம்பர் மாற்ற இரண்டு கோடு கேட்டது. பழைய நம்பருக்கு ஒன்று, புது நம்பருக்கு ஒன்று. அவர் தன்னுடையதை ஒவ்வொரு எண்ணாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். மற்றது அவளுடைய பட்டன் ஃபோனில் வந்தது. பழைய பேக்கப் கோடுகளை ரத்து செய்து புதிதாக வாங்கி, டீக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய பேப்பரில் எழுதி மடித்துக்கொண்டாள். அவர் ஃபோனில் இறங்கியிருந்த ஏழு ஃபைலையும் அழித்து, மெயிலிலிருந்தும் பெட்டகத்திலிருந்தும் வெளியேறினாள். ஆதாரில் நம்பர் மாற்ற விரல் ரேகையோடு சென்டருக்கு நேரில் போகிறேன், அதுதான் பாக்கி என்றாள்.

அவர் ஃபோனில் கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது. இந்த எண் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று அதில் இருந்தது. ரசாக் அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுங்க."

"வேலை கிடைச்சா நீயே வந்து சொல்லணும்."

அதற்கு மேல் அவள், அவர் அன்று சொன்ன 'பாத்துக்கலாம்' என்பதற்கு அர்த்தம் தேடவில்லை. சீட்டில் எழுதியிருந்த நேரம் முடிந்துவிட்டதென்று ஜெயவேலு கை காட்ட, அவர் உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஷரீஃபா மறுபடியும் அந்தக் கேட்டில் போய் நின்றாள். ஃபோன் வேண்டாம், ஆளை மட்டும் ரெண்டு நிமிஷம் கூப்பிடுங்கள் அண்ணா, வாயால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றாள்.