திறந்த பானையில் வேகாத கடலை

கீழே சமவெளியில் அவளுக்குக் கைமணக்காரி என்று பெயர். கல்யாண வீடுகளில் அண்டா அண்டாவாகச் சமைத்துப் பேர் வாங்கியவள். புருஷனுக்கு மலைமேல் வேலை மாறியதும், அங்கிருந்த மாணவியர் விடுதியில் சமையல்காரியாகச் சேர்ந்தாள்.

வந்த அன்றே பெரிய குக்கரைப் பரணில் ஏற்றினாள். "விசில் அடிச்சு வேக வைக்கிறதெல்லாம் ஒரு சமையலா? திறந்த பானைதான் ருசி."

அதிலிருந்துதான் வினை. கொண்டைக்கடலை கல்லாகவே இருந்தது. பிள்ளைகள் தட்டோடு ஒதுக்கினார்கள். விடுதிக் காப்பாளர் முகத்தைச் சுளித்தார்.

"நாளைக்கும் இப்படின்னா, பழைய சமையல்காரியையே கூப்பிட்டுக்கறேம்மா."

பழைய சமையல்காரியின் நாத்தனார்தான் உதவிக்கு நின்ற நத்தை. எதையும் ஆடி அசைந்து செய்வதால் வந்த பெயர். கைமணக்காரிக்குப் பொறி தட்டியது. இவள்தான் அடுப்பைக் குறைக்கிறாளோ? பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறாளோ? கடலையையே மாற்றிவிட்டாளோ? நத்தை கரண்டியை எடுத்தால்கூடக் கைமணக்காரியின் கண் அவள் கையிலேயே இருந்தது.

அன்றிரவு கடலையைத் தன் கையாலேயே ஊறப் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் காலையில் நத்தையைக் காய் நறுக்க வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். உலையைத் தானே ஏற்றினாள். கீழே இருந்ததைவிடச் சீக்கிரமே கொதி வந்தது. தளதளவென்று குமிழி எழும்பியது. சந்தோஷத்தில் தீயை இன்னும் கூட்டினாள். தண்ணீர்தான் ஆவியாகிப் போனது. கொதிநீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு கடலையை எடுத்து நசுக்கினாள். நசுங்கவில்லை.

கதவைத் திறந்தாள். உள்ளே அவளைத் தவிர யாரும் இருக்கவில்லை. குற்றம் சொல்ல ஆளே இல்லை.

"நீ என்னடி பண்ணின?" என்றாள் பழக்கதோஷத்தில்.

"நான் வெளியில வெங்காயத்தோட அழுதுட்டிருந்தேன் அக்கா," என்றாள் நத்தை. "இங்க உயரத்துல காத்தோட அழுத்தம் கம்மி. அதனால தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், ஆனா அந்தக் கொதியில கீழே இருக்குற சூடு இருக்காது. நீங்க தீயை எவ்வளவு கூட்டினாலும் அதுக்கு மேல ஏறாது. மூடி போட்டு ஆவியை அடைச்சாதான் ஏறும்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே! 'உன் அண்ணிக்கு இந்த வேலையைத் திரும்பப் பிடிச்சுக் கொடுக்கத்தானே பேசறே'ன்னு வாயை அடைச்சிட்டீங்க."

அதில் பொய்யில்லை. தேநீரில் சாயம் இறங்காததற்குத் தூளைத் திட்டியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவளே பரணில் ஏறிக் குக்கரை இறக்கினாள். ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தாள். விரிசல் ஏதும் இல்லை. சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை தடவினாள். நத்தை சிரித்துக்கொண்டே, "கீழே வைக்கிறதைவிட ரெண்டு விசில் கூட விடுங்க," என்றாள்.

மதியம் காப்பாளர் ஒரு கடலையை வாயில் போட்டார். பல்லுக்கு வேலையில்லை. "இன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

கைமணக்காரி நத்தையைப் பார்த்தாள். இவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாளோ? நத்தை ஆடி அசைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குக்கரை இறக்கினேன் சார்," என்றாள் கைமணக்காரி. ஒரு மூச்சு விட்டு, "இறக்கச் சொன்னது இவ," என்றாள்.