ஏழாம் பட்டையில் பாதி

எழுபதுகளின் பிற்பாதியில் நான் கிண்டியில் ஆராய்ச்சி மாணவி. செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த அளவுகளை வைத்துச் செங்கல்பட்டுப் பக்க நெல் வயல்களின் நிலையைக் கணக்கிட வேண்டும். வேளாண்மை அதிகாரி ஒருவர் வயலில் நேரில் பார்த்து எழுதித் தருவதோடு கணக்கு ஒத்துப்போனால் அடுத்த போகத்துக்கும் வேலை தொடரும், இல்லாவிட்டால் மூட்டை கட்டலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கணக்கு சுலபம்தான். நல்ல பயிர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை ஒன்றை நெருங்க நெருங்கப் பயிர் செழிப்பு. அளவுகள் பதிவாகி வந்த காந்த நாடாவில் ஒவ்வொரு ஒளி வகைக்கும் ஒரு பட்டை: சிவப்பு ஐந்தாம் பட்டை, அகச்சிவப்பு ஏழாம் பட்டை. கம்ப்யூட்டருக்குக் கணக்கைச் சொல்ல அட்டை அட்டையாகத் துளைப்பதுதான் உயிரை வாங்கியது. ஒரு கமா தப்பினால் ஒரு நாள் போச்சு. மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தலையைக்கூடத் தூக்க மாட்டார்.

"க்யூ எம்மாம் நீளம் கீது பாரு மேடம். நாளைக்கு வா."

ஒருவழியாக விடை வந்தது. வேளாண்மை அதிகாரி 'செழிப்பு' என்று எழுதியிருந்த வயலில் சிவப்பு பதினெட்டு, அகச்சிவப்பு இருபத்தெட்டு. விடை புள்ளி இரண்டு இரண்டு. அவர் செழிப்பு என்ற பதினோரு வயல்களும் அப்படியே நோஞ்சானாக வந்தன. எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

அறுவடை முடிந்தபின் அவர் கிண்டிக்கு வந்தார். "ஜீப்பில இருந்தே பார்த்து எழுதினீங்களா சார்? நல்லா யோசிச்சு எழுதுங்க" என்றேன். என் தந்தை வயது அவருக்கு. கம்ப்யூட்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினோரு இடத்திலும் 'சுமார்' என்று புதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழையதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நான் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் நாடாவோடு வந்த கையேட்டை முழுதாகப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், சோம்பேறிக் கழுதை நான். மற்றப் பட்டைகளின் அளவு பூஜ்யத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை. ஏழாம் பட்டை மட்டும் அறுபத்து மூன்றோடு நின்றுவிடும். அதை இரண்டால் பெருக்கிய பிறகே ஐந்தாம் பட்டையோடு சேர்க்க வேண்டும். இருபத்தெட்டை ஐம்பத்தாறாக்கினேன். புள்ளி ஐந்து ஒன்று. பதினோரு வயல்களும் செழிப்பு.

பேராசிரியர் என் புதுக் கணக்கையும் அதிகாரியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கணக்கு சரிம்மா. ஆனா வயல்ல சுமார்னுதானே கையெழுத்துப் போட்டிருக்காரு?"

ஓடிப்போய் அதிகாரிக்கு போன் போட்டேன். பழையபடி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"இடுப்பளவு பயிருல நின்னு எழுதினேம்மா. நீங்க இல்லேன்னீங்க, மாத்தினேன். இப்ப மறுபடியும் மாத்தினா, அதை யாரு நம்புவாங்க?"