பன்னிரண்டு என்று காட்டிய பிப்ரவரி

தொண்ணூறுகளின் நடுவில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வடிகால், கால்வாய் வரைபடங்கள் போடும் இடம். ஒரு இன்ஜினியர், இரண்டு டிராப்ட்ஸ்மேன், நான். அதற்கு முன் பதினைந்து வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். டைப்ரைட்டரை எடுத்துவிட்டு என் மேசையில் கம்ப்யூட்டரை வைத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா அந்த வருடம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். தம்பி பெர்த்தில். பின்தெருவில் ஒரு வாடகை அறையில் நான் தனியாக இருந்தேன்.

அப்போது கிள்ளானில் வெள்ளம் வடிய ஒரு பெரிய கால்வாய் வரைந்துகொண்டிருந்தோம். எவ்வளவு மழை பெய்கிறது என்று தெரிந்தால்தான் கால்வாயின் அகலத்தை முடிவு செய்ய முடியும். அதற்காக ஐந்து வீடுகளின் முற்றத்தில் மழைமானி வைத்திருந்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டுக்காரர் அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு அட்டையில் எழுதவேண்டும். மாதக் கடைசியில் அட்டை தபாலில் வரும். அதை ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றுவது என் வேலை.

ஐந்து பேரில் நான்கு பேர் எண்களை மட்டும் எழுதுவார்கள். ஐந்தாமவர் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, தனியாக இருக்கிறார் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவர் மட்டும் குறிப்புப் பத்தியில் தமிழில் ஏதாவது எழுதுவார். 'விடியக்காலை இடி. பக்கத்து வீட்டு நாய் உள்ளே வந்து படுத்துக்கொண்டது.' 'தூறல்தான். துணி காயவில்லை.' அந்த அட்டையை நான் எப்போதும் கடைசியாக எடுப்பேன். மாதத்தில் ஒரு நாள், எனக்கென்று எழுதாத ஒரு கடிதத்தைப் படிப்பது மாதிரி இருக்கும்.

என் வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம். அட்டையில் 12.0 என்று இருக்கும். நான் அதையே அடித்தால் கம்ப்யூட்டர் வெறும் 12 என்று காட்டும். 4.5 அப்படியே நிற்கும், 20.0 மட்டும் 20 ஆகிவிடும். அட்டையும் திரையும் ஒன்றுபோல இல்லாதது என்னை உறுத்தியது. எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அடித்தது அடித்தபடியே நிற்கும் என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன். திரையில் அந்தக் குறி தெரியவும் தெரியாது. அதன்பிறகு பூஜ்யத்தில் முடியும் எல்லா எண்களுக்கும் அப்படியே செய்தேன். எல்லாக் கட்டங்களிலும் எண்ணை நடுவில் நிற்க வைத்தேன். பார்க்க அச்சடித்தது போல இருந்தது. கீழே மொத்தம் கூட்ட SUM போட்டு வைத்தேன்.

வருட முடிவில் இன்ஜினியர் மொத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நான்கு வீடுகளில் ஏறக்குறைய ஒரே அளவு மழை. ரயில்வேக்காரர் வீட்டில் அதில் பாதிகூட இல்லை.

"இவரு சரியா பாக்கறதில்ல லா" என்றார். "பாதி நாள் தூங்கிப் போயிருப்பாரு. அந்த மழைமானிய எடுத்து பக்கத்து ஸ்கூல்ல வெச்சிரலாம். ஒரு லெட்டர் போட்டுருங்க."

"அட்டையில எல்லா நாளும் எழுதியிருக்காரு சார்."

"எழுதறது ஈஸிதானே?"

'இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. பதிவுகள் திருப்தியாக இல்லாததால்...' என்று கடிதத்தை நான்தான் அடித்தேன். அடுத்த வாரம் ஆள் போய் மழைமானியை எடுத்து வந்தார்.

அந்த மாதக் கடைசியில் நான்கு அட்டைகள்தான் வந்தன, பள்ளியிலிருந்து இன்னும் வரத் தொடங்கவில்லை. நான் இவ்வளவு வெறுமையாக உணர்வேன் என்று நினைத்திருக்கவில்லை. சனிக்கிழமை ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். எனக்குப் போக இடமில்லாததால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு சனிக்கிழமை, கோப்பிலிருந்து அவருடைய பழைய அட்டைகளை எடுத்துப் படித்தேன். பிப்ரவரி அட்டையில் ஐந்தே மழை. 12.0, 4.5, 20.0, 7.5, 3.0. சும்மா இருந்த மனசு கூட்டிப் பார்த்தது. நாற்பத்தேழு.

திரையில் அந்த மாதத்தைத் திறந்தேன். ஐந்து எண்களும் அட்டையில் இருந்தபடியே இருந்தன. மொத்தம் பன்னிரண்டு.

கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. கால்குலேட்டரில் போட்டேன், நாற்பத்தேழு. ஒரு காலிக் கட்டத்தில் முதல் மழையையும் கடைசி மழையையும் கூட்டல் குறி போட்டுக் கூட்டினேன், பதினைந்து என்று சரியாக வந்தது. SUM மட்டும் பன்னிரண்டிலேயே நின்றது. பன்னிரண்டு எங்கிருந்து வருகிறது? நான்கரையும் ஏழரையும் பன்னிரண்டு. அந்த இரண்டை மட்டும்தான் அது கூட்டியிருக்கிறது.

20.0 இருந்த கட்டத்தில் போய் நின்றேன். மேலே இருக்கும் பட்டையில், எண்ணுக்கு முன்னால் நான் போட்ட மேற்கோள் குறி தெரிந்தது. குறியை அழித்துவிட்டு வெறும் எண்ணாக அடித்தேன். மொத்தம் முப்பத்திரண்டாக மாறியது.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் குறி, இது எண் இல்லை, எழுத்து என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. SUM கட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். எழுத்தைத் தாண்டிப் போய்விடும். தவறு என்று ஒரு வார்த்தை சொல்லாது. சாதாரணமாக எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். அதையாவது பார்த்திருக்கலாம். நான்தான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தேனே.

ஆனால் ஐந்து வீட்டுக்கும் ஒரே மாதிரிதானே அடித்தேன், இவருக்கு மட்டும் ஏன் பாதி போனது? மற்ற அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். 11.4, 3.8, 20.6. பூஜ்யத்தில் முடிவது எப்போதோ ஒன்று. இவருடையதில் ஒவ்வொரு எண்ணும் பூஜ்யத்திலோ அரையிலோ முடிந்தது. ஒரு நாள்கூட 11.4 இல்லை. அளவுக் கண்ணாடியில் பெரிய கோடுகள்தான் அவருக்குத் தெரிந்திருக்கின்றன. நடுவிலுள்ள சின்னக் கோடுகள் தெரியவில்லை.

கட்டங்களின் வடிவத்தை 0.0 என்று மாற்றிப் பார்த்தேன். மேற்கோள் குறி இருந்தவை அசையவில்லை. குறியில்லாமல் திரும்ப அடித்ததும் 12.0 என்று நான் விரும்பியபடியே காட்டியது, மொத்தத்திலும் சேர்ந்தது. இந்த ஒரு வசதி எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கலாம். அன்று ஆறு மணிவரை உட்கார்ந்து அவருடைய வருடம் முழுவதையும் திரும்ப அடித்தேன். ஒவ்வொரு மழையாகத் திரும்பி வந்தது. கடைசியில் மொத்தம் மற்ற வீடுகளோடு வந்து நின்றது.

திங்கட்கிழமை இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திரையை வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணு சரியில்ல போல. ஆனா தினமும் பாத்திருக்காரு. கூட கொஞ்சம், கொறைய கொஞ்சம், மொத்தத்துல சரியாயிரும்" என்றார். "ஸ்கூல்ல வெச்சத இனிமே எடுக்க முடியாதுமா. நீங்க நேர்ல போய் ஒரு சாரி சொல்லிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பின்னால் தகரக்கூரை வீடு. முற்றத்தில் மழைமானி இருந்த இடத்தில் ஒரு வட்டச் சிமெண்டு. அவர் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிட்டே போகும்வரை என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"அங்கிள், நான் மழை ஆபீஸ்லேர்ந்து வரேன். உங்க அட்டைய டைப் பண்றது நான்தான்."

"அட, வாம்மா. உக்காரு. அந்த அளவுக் கண்ணாடியயும் குடுத்து அனுப்பிட்டேனே, வரலயா?"

"வந்துருச்சு அங்கிள். தப்பு உங்க மேல இல்ல. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்."

மேற்கோள் குறியைப் பற்றிச் சொன்னேன். நான் எண்ணை எழுத்து என்று சொல்லிவிட்டதால் மெஷின் பாதி மழையைக் கூட்டாமல் விட்டுவிட்டது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் எழுதினது இருந்துச்சா?"

"எல்லாம் இருந்துச்சு. கண்ணுக்கு முன்னாலதான் இருந்துச்சு. கூட்டல்லதான் வரல."

அவர் சொன்னார்: "லெட்டர் வந்தப்ப எனக்குக் கோவம் வரலமா. கண்ணுல பொரை விழுந்திருக்கு. கோடு தெரியாம குத்துமதிப்பா எழுதினேன், அதான் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். மழையக்கூட சரியா பாக்கத் தெரியலயேன்னு."

இதற்கு நான் தயாராக வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் தப்பை அவர் தன் தப்பாக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நீங்க எழுதினதெல்லாம் சேர்த்தா மத்த வீட்டோட சரியா இருக்கு அங்கிள். சார் பாத்துட்டாரு. அத வெச்சுதான் கால்வாய் போடப் போறாங்க."

"அப்படியா?" என்றார். முகம் சற்றுத் தெளிந்தது. "எட்டு மணிக்கு எழுந்திரிக்க ஒரு வேலை இருந்துச்சு. இப்ப அது இல்ல, அதான்."

மழைமானியைத் திருப்பி வைக்க முடியாது என்று நான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அவர் தலையாட்டினார். சூடாக ஒரு மைலோ கலக்கிக் கொடுத்தார். சர்க்கரை போட்டாயிற்றா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டிருந்தார். முழுக்கக் குடித்தேன். ஈப்போவில் மகள் இருக்கிறாள், ஆபரேஷனுக்கு அங்கே வரச் சொல்கிறாள் என்றார். போங்கள் என்றேன். அடுத்த மாதமே போய்விட்டார் என்று பிறகு பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிள்ளானிலிருந்து அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தெருமுனை பூத்துக்குப் போய் தம்பிக்குப் போன் செய்தேன். முதலிலிருந்து சொன்னேன், பிப்ரவரி, ஐந்து மழை, மேற்கோள் குறி எல்லாம்.

"கம்ப்யூட்டர் ப்ராப்ளமாக்கா?" என்றான். "சரியாயிருச்சில்ல?"

"சரியாயிருச்சு" என்றேன்.

பிறகு அவன் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். போன் கார்டில் காசு தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.