மூடி போன் உறை வாங்கிய ஆள்

தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பூக்கடைக்கும் பணமாற்றுக் கடைக்கும் நடுவே எங்கள் ஹேண்ட்ஃபோன் சாமான் கடை இருந்தது. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். தொண்ணூறுகள் முடியும் சமயம் அது. சிங்கப்பூரில் ஆளுக்கு ஒரு போன் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு புது மாடல் வரும், பழைய மாடல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

கடை தொடங்கும்போதே நான் ஒரு நோட்டில் திட்டம் எழுதிவிட்டேன். எண்பதுகளில் ஒரு கேசட் கடையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவள் நான். ஓடாத படத்துக் கேசட்டுகள் பெட்டி பெட்டியாகப் பரணில் கிடந்து அந்த முதலாளியைத் தின்றதைக் கண்ணால் பார்த்தவள். அதனால் என் திட்டத்தில் ஆசைக்கு இடமே கிடையாது. எந்த மாடலுக்கும் முதலில் இருபது உறைக்கு மேல் எடுக்கக்கூடாது. சரக்கு வந்த மாதத்துக்கு ஒரு நிறம் வைத்து, ஒவ்வொன்றிலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். இரண்டு மாதம் தாண்டிய நிறத்தைப் பாதி விலைக்குத் தள்ளவேண்டும். ஒரே வாரத்தில் பத்து விற்றால்தான் மறுபடி ஆர்டர். யாராவது கேட்டு, நம்மிடம் இல்லாவிட்டால் அதையும் குறித்துவைக்கவேண்டும். மூன்று பேர் கேட்டால் அந்தச் சரக்கை வாங்கலாம்.

டௌக்கேயிடம், அதாவது எங்களுக்கு மொத்தமாகச் சரக்குக் கொடுத்த சீன முதலாளியிடம், நான் தள்ளுபடியே கேட்டதில்லை. விற்காததை ஒரு மாதத்துக்குள் மாற்றிக் கொடுப்பாரா என்பதுதான் என் கேள்வி. பாதி விலைக்கு ஐந்நூறு எடுத்துக்கொள், ஆனால் திருப்பக்கூடாது என்று ஒருவர் சொன்னால், அந்த மாடல் சாகப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

என் கணவருக்கு இதெல்லாம் கஞ்சத்தனமாகப் பட்டது. "நீ கடை வச்சிருக்கியா, மருந்து டிஸ்பென்சரி வச்சிருக்கியா?" என்று கேலி செய்வார். கேலி செய்தாலும் நோட்டை மீறமாட்டார். சுவா சூ காங்கில் எங்களுக்கு ஒரு அரசாங்க அடுக்குமாடி வீடு ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த வருடம் சாவி வாங்கும்போது கட்டவேண்டிய பணத்தை இருவர் பெயரிலும் ஒரு பேங்க் கணக்கில் போட்டு வைத்திருந்தோம். பத்தாவது மாடி, சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே மரங்கள். வாடகை அறையில் எட்டு வருடம் இருந்துவிட்ட எனக்கு அந்த ஜன்னல்தான் மனசு முழுக்க.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். அந்த வாரம் சரக்கெடுக்க அவர் போனார். கீழே ஒரு மூடி, அதைத் திறந்து பேசவேண்டும், அப்படி ஒரு போன் அப்போது வந்திருந்தது. அதற்கான தோல் உறை முந்நூறு வாங்கி வந்துவிட்டார். பாதி விலை. திருப்ப முடியாது.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். "இது வித்தா உங்க அதிர்ஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்நூறு உறையிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஒரே மாதத்தில் அந்தப் போனை நிறுத்திவிட்டார்கள். தெருவில் ஒரு கையிலும் அதைக் காணோம். ஆனால் உறை மட்டும் விற்றது.

நான் கடையில் இருக்கும்போது ஒன்றுகூடப் போகாது. மதியம் சரக்கெடுக்கப் போய்த் திரும்பினால் பன்னிரண்டு, பதினைந்து என்று குறைந்திருக்கும். கல்லாவில் பணமும் சரியாக இருக்கும்.

"யாரு வாங்கறா?" என்று கேட்டேன்.

"துவாஸ் ஃபேக்டரி ஒண்ணுல வேலை செய்யறாராம். தொப்பி போட்ட ஒரு ஆளு. கூட வேலை செய்யறவங்களுக்கெல்லாம் சேத்து வாங்கிட்டுப் போறாரு லா."

வாரம் பத்துக்கு மேல் விற்று, முந்நூறும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. என் நோட்டு என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்தேன். அதே மாடலுக்கு உறை, பேட்டரி, கார் சார்ஜர் எல்லாம் ஆர்டர் போட்டேன். உற்பத்தியே நின்றுபோனதால் டௌக்கே எதையும் மாற்றித் தரமாட்டேன் என்றார். விற்கிற சரக்குத்தானே என்று அதற்கும் சம்மதித்தேன். போட்ட ஆர்டரை என் கணவரிடம் சொன்னபோது ஏதோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்தார். பிறகு, "சரிம்மா" என்றார்.

இரண்டாவது ஆர்டரும் விற்றது. அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது. ரயிலில் போகும்போது ஒவ்வொருவர் கையாகப் பார்ப்பேன். கிளமெண்டியில் இறங்கி ஒரு மணிநேரம் சும்மா நின்று பார்த்தேன். மூடி போன் ஒன்றுகூட இல்லை. இல்லாத போனுக்கு வாரா வாரம் உறை வாங்குகிறவர் யார்? பூக்கடை அக்காவிடம் கேட்டேன். காலை முதல் விளக்கு வைக்கும்வரை எங்கள் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பவர் அவர்.

"தொப்பி போட்ட ஆளா? அப்படி யாரும் உங்க கடைக்கு வந்து நான் பாக்கலையே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஒரு முழம் மல்லிகையை நறுக்கிக் கொடுத்தார்.

பயந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நிஜமாகவே பயந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை நடக்கும்போதும் அந்தத் தொப்பிதான் நினைவில் ஆடியது. முகம் தெரியாத ஒருவர் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார், உறைகளை அள்ளிக்கொண்டு எங்கேயோ போகிறார். அந்த ஆளை நம்பி நான் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைக்கு மேலே பாதி அறையைச் சரக்கு வைக்க வாடகைக்கு எடுத்திருந்தோம். கடை வரிசை முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையிலிருந்து தனிப் படிக்கட்டு. முன்பு அங்கே இருந்த சேலைக்கடைக்காரர் தலையில்லாத ஏழெட்டு பொம்மைகளை அப்படியே விட்டுப் போயிருந்தார். அவற்றைப் பார்த்தால் எனக்கு ஆகாது, அதனால் மேல்வேலை முழுவதும் என் கணவருடையது. மேலே கிடந்த ஒரே பழைய சரக்கு, முந்நூறு மின்னும் கீசெயின்கள். பக்கத்தில் எந்தப் போனுக்காவது அழைப்பு வந்தால், மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவை சிவப்பும் பச்சையுமாக மின்னும். பிள்ளைகள் ஒரு சீசன் அள்ளி வாங்கியதால் நோட்டு சொன்னபடி ஆர்டர் மேல் ஆர்டர் போட்டிருந்தேன், அப்புறம் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அன்று மழை. டௌக்கே கடை மூடியிருந்ததால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். எங்கள் கடையும் சாத்தியிருந்தது, 'பத்து நிமிடத்தில் வருவோம்' அட்டை தொங்கியது. என் சாவியால் திறந்து உள்ளே போனேன். மழை இருட்டு. விளக்கைப் போடுவதற்கு முன், எங்கே போனார் என்று கேட்கக் கடைப் போனிலிருந்து என் கணவரின் ஹேண்ட்ஃபோனுக்கு அடித்தேன்.

ரிசீவரில் மணி ஒலிக்கத் தொடங்கியது. வேறெங்கும் சத்தமில்லை. ஆனால் தலைக்கு மேலே வெளிச்சம். பலகைத் தளத்தின் ஒவ்வொரு இடுக்கிலும் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. கூரை முழுவதும் எதையோ எண்ணுவதுபோல் மின்னியது. சிலுவை போட்டுக்கொண்டேன். போனை வைத்தேன், இரண்டு நொடியில் எல்லாம் அணைந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி மின்னியது.

வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். கதவு தாழிடாமல் இருந்தது. பொம்மைகள் சுவரோரம் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால், பெட்டிகளுக்கு நடுவே, தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி.

தொப்பியைக் கழற்றினார். என் கணவர்தான். மழைக்குப் போட்டிருந்த தொப்பி அது. மடியில் போன், சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார். கடையிலிருந்து வந்த அழைப்பு என்று பார்த்தும் எடுக்காமல் அந்த மின்னலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுற்றிலும் தோல் உறைகள், பேட்டரிகள், சார்ஜர்கள். ஒவ்வொன்றிலும் நான் என் கையால் ஒட்டிய பச்சை வட்டம், மஞ்சள் வட்டம், நீல வட்டம். ஒன்றுகூட இந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை.

"அந்த ஆளு?" என்றேன். எனக்கே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"மொத தடவ ஒருத்தரு நெசமாவே வந்தாரு. ஒண்ணு வாங்கினாரு. அப்புறம் யாரும் வரல. நீ தெனம் அந்தப் பச்சை ஸ்டிக்கரையே பாத்துக்கிட்டிருந்த. மெதுவா நானே வாங்கிட்டா ஒனக்குத் தெரியாம முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"ஏது காசு?"

கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டிருக்கிறார். கல்லாவில் விழுந்த பணத்தை விற்பனை என்று நம்பி, நான் டௌக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்து இன்னும் சரக்கு வாங்கியிருக்கிறேன். அதையும் அவரே வாங்கியிருக்கிறார்.

"ரெண்டாவது ஆர்டர் போடறப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வந்தேன்மா. நீ அவ்ளோ சந்தோஷமா நோட்ட காட்டின."

அந்தப் பேச்சுதான் என்னை உடைத்தது. அவர் மேல் கோபம் வந்தது, நோட்டின் மேல் அதைவிட வந்தது. யார் வாங்கினார் என்று கேட்க அந்த நோட்டில் ஒரு கட்டம்கூட நான் போடவில்லை. அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தலையில்லாத பொம்மைகள் அப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

சாவி வாங்கும் கடிதம் வந்தபோது கட்டப் பணம் இல்லை. வீட்டை விட்டுக்கொடுத்தோம். அவர் கையெழுத்துப் போட்டார், அடுத்து நான் போட்டேன். அந்த ஜன்னலில் இந்நேரம் யாரோ ஒருத்தி மரத்தைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

மேலே இருந்ததைப் பத்தில் ஒரு பங்கு விலைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மூட்டை கட்டிக் குப்பை லாரியில் ஏற்றினோம். ஒரு உறைகூட மிச்சம் வைக்கவில்லை, வைக்க மனசு வரவில்லை.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். நான் கல்லாவில், அவர் பக்கத்தில் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தார். தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார். சட்டையில் துவாஸ் தொழிற்சாலை ஒன்றின் அட்டை. பையிலிருந்து போனை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார்.

"இதுக்குத் தோல் கவர் இருக்கா? போன தடவ இங்கதான் வாங்கினேன், கிழிஞ்சிருச்சு. எங்க கம்பெனிலயும் கொஞ்ச பேரு கேட்டுட்டிருக்காங்க."

என் கணவர் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது. வந்தவரைப் பார்க்காமல் என் காதருகே, "ஒனக்கும் அவரு தெரியறாரா?" என்றார்.

"தெரியறாரு," என்றேன். பிறகு அந்த மனிதரிடம், "ஸ்டாக் இல்லீங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். பூக்கடை அக்கா அவர் போன பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கை பழகிவிட்டதால் நோட்டை எடுத்து, 'கேட்டார்கள், இல்லை' என்ற பக்கத்தில் அந்த மாடலுக்கு நேரே ஒரு கோடு போட்டேன். விதிப்படி மூன்று கோடு விழுந்தால் ஆர்டர். மீதி இரண்டு கோடும் விழுவதற்குள் என்பதுபோல என் கணவர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார், நானும் நோட்டை மூடிவைத்தேன்.