கேரம் பட்டியலில் குறைந்த ஒரு வெற்றி

கெலாங் பாத்தாவில் நான் கணிதம் சொல்லித்தரும் கல்லூரியில், ஊழியர்களுக்கான கேரம் போட்டி நடந்தது. எட்டுப் பேர் சேர்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருடனும் ஒருமுறை ஆட வேண்டும். சமநிலை என்ற பேச்சே கிடையாது, யாராவது ஒருவர் ஜெயித்தாக வேண்டும். மதிய உணவு இடைவேளைகளில் ஓய்வறையில் ஆடி முடித்தோம். அதிக வெற்றி பெறும் மூன்று பேர் ஜோகூர் பாருவில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் போவார்கள்.

கணக்குப் பதிவியல் ஆசிரியர் ஒருவர் இதை நடத்தினார். என்னைவிட மூத்தவர். எல்லோரும் அவரைச் சார் என்போம். முடிவுகளைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, கடைசியில் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மேலே மூன்று பேருக்கு ஆறாறு வெற்றி. அந்த மூவரில் நிர்வாக மேலாளரும் ஒருவர். எங்கள் கால அட்டவணையும் விடுமுறையும் அவர் கையில்தான். நான்காவதாக, என் அறையில் உட்காரும் இயற்பியல் ஆசிரியைக்கு ஐந்து. எனக்கு இரண்டு. நூலக உதவியாளர், ஆய்வக உதவியாளர், ஆங்கில ஆசிரியை ஆகிய மூவருக்கும் ஒவ்வொன்று.

அந்த வாரம் வகுப்பில், இப்படிப்பட்ட போட்டிகளின் வெற்றிப் பட்டியல்களைப் பற்றித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். எண்களின் வரிசை ஒன்றைக் கொடுத்தால், அப்படி ஒரு போட்டி நடந்திருக்க முடியுமா என்று சோதிப்பது எப்படி என்பதே பாடம். எங்கள் பட்டியலையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று, சிறியதிலிருந்து பெரியதாக வெள்ளைப்பலகையில் எழுதினேன்: 1, 1, 1, 2, 5, 6, 6, 6.

மொத்தம் இருபத்தெட்டு. எட்டுப் பேருக்கு இருபத்தெட்டு ஆட்டம், அது சரி. ஆனால் மொத்தம் பொருந்துவது மட்டும் போதாது. கீழிருந்து எத்தனை பேரை எடுத்தாலும், அவர்களுடைய வெற்றிகளின் கூட்டல், அவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைவிடக் குறையக் கூடாது. மற்றவர்களிடம் தோற்றிருக்கலாம். ஆனால் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டுமல்லவா? கீழே இருவருக்கு ஓர் ஆட்டம், எங்களிடம் இரண்டு வெற்றி. மூவருக்கு மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. நால்வருக்கு ஆறு ஆட்டம்.

ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு. ஐந்துதான் வந்தது.

தப்பாக எழுதிவிட்டேன் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு வேறு வரிசையை எழுதினேன். வகுப்பு முடிந்ததும் நேராக அறிவிப்புப் பலகைக்குப் போனேன். நான் தப்பாக எழுதவில்லை.

அறைக்குத் திரும்பியபோது இயற்பியல் ஆசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். ஒரு வெற்றியில் வாய்ப்பை இழந்தவள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று கேட்டேன். ஐந்து என்றாள். மேலாளருக்கும் ஐந்துதான் இருக்குமென்று நினைத்திருந்தாளாம்.

“அப்போ ஏன் கேக்கல?”

“மேனேஜர்கிட்ட போய் யாரு அக்கா கேப்பாங்க? கேரம்தானே, விடுங்கலா.”

சாரை ஓய்வறையில் பிடித்தேன். தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பட்டியல் இடிக்கிறதே என்றேன். மொத்தம் இருபத்தெட்டு வருகிறதே, வேறென்ன வேண்டும் என்றார். கீழே உள்ள நால்வரின் கணக்கை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, டைப் பண்ணும்போது தவறியிருக்கும் என்றார்.

“ஒரு நம்பர் தவறியிருந்தா மொத்தம் இருபத்தேழோ இருபத்தொன்பதோ வந்திருக்கும், சார். ஒரு எடத்துல ஏறி, இன்னொரு எடத்துல எறங்கியிருக்கு.”

ஏதோ ஓர் ஆட்டத்தில் ஜெயித்தவரை மாற்றிக் குறித்திருப்பேன் என்றார் அடுத்து. அப்படி மாற்றிக் குறித்திருந்தாலும் அது நடந்திருக்கக்கூடிய ஒரு போட்டியின் பட்டியலாகவே இருக்கும், இந்தச் சோதனையில் மாட்டியிருக்காது என்றேன். ஆட்டங்களை எப்படி மாற்றினாலும் இந்தப் பட்டியல் வராது. ஆட்டத்தை விட்டுவிட்டு, கடைசிக் கூட்டலில் கைவைத்தால்தான் வரும்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மேனேஜரும் உங்க ஃபிரெண்டும் ஆளுக்கு அஞ்சு, டீச்சர். இன்னொரு ஆட்டம் வைக்கணும். அவர் தோத்துட்டா என் மூஞ்சியத்தான பாப்பாரு? லைப்ரரி தம்பி லீவுல இருக்கான், ஒண்ணு கொறஞ்சா கேக்க மாட்டான்னு நெனச்சேன்.”

மேலாளர் கேட்டுக்கொண்டாரா என்றேன். இல்லை என்று உடனே தலையாட்டினார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. 1, 1, 2, 2, 5, 5, 6, 6. எதிரில் வந்த சார், “நீங்க சொன்ன மாதிரி கீழேருந்து கூட்டிப் பாத்துட்டேன், பாஸ் ஆகுது,” என்றார். அவர் சமாதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் புதுச் சந்தேகம் வந்தது. சோதனையை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அது தெரிந்தவர் அதில் தேறும்படியே ஒரு பட்டியலை உட்கார்ந்து எழுதிவிடலாம். தேறிய பட்டியல் நடந்திருக்கக்கூடியது, அவ்வளவுதான். அதுதான் நடந்தது என்று யார் சொல்வது?

அதனால் ஆட்களிடமே கேட்டேன். நூலக உதவியாளர் பெக்கோக்கில் அக்கா வீட்டுக் கல்யாணத்தை முடித்துத் திரும்பியிருந்தார். ஆய்வக உதவியாளரையும் ஆங்கில ஆசிரியையும் ஜெயித்ததாகச் சொன்னார், என்னிடம் தோற்றதையும் மறக்கவில்லை. ஆய்வக உதவியாளரை நானும் ஜெயித்திருந்தேன். என்னை ஜெயித்தது ஆங்கில ஆசிரியைக்கு நன்றாகவே நினைவிருந்தது. அவரை ஜெயித்தது ஆய்வக உதவியாளர். எங்கள் நால்வருக்குள் நடந்த ஆறு ஆட்டங்களும் வந்துவிட்டன: இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. மேலே இருந்த நால்வரில் யாரையும் நாங்கள் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. மேலாளர் ஒருவரைத் தவிர மேலே இருந்தவர்களிடமும் விசாரித்தேன். அதுவும் பொருந்தியது. பட்டியல் உண்மைதான்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் நடந்த மதியம் ஓய்வறையில் நிற்க இடமில்லை. மேலாளர் சிரித்த முகமாக வந்து பௌடர் தூவினார். ஆரம்பத்தில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. அவர் அடித்த சிவப்புக் காய் பாக்கெட்டின் விளிம்பில் நின்றுபோனதும் ஆட்டம் மாறிவிட்டது. இயற்பியல் ஆசிரியை ஜெயித்தாள். மேலாளர் அவள் கையைக் குலுக்கி, நல்ல ஆட்டம் என்றார். சார் கைதட்டும்போது மேலாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை வந்தபோது அவளுக்கு வாரம் முழுவதும் காலை எட்டு மணி வகுப்புகள். மாசாயிலிருந்து வருகிறவள் அவள், இருட்டோடு மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும். மேலாளரிடமே போய்க் கேட்டேன். அட்டவணையைக் கம்ப்யூட்டர்தான் போடுகிறது என்று தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எட்டு மணி வகுப்புகள் வேறு இரண்டு பேருக்கும் இருந்தன. அவர்கள் கேரம் ஆடாதவர்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஜோகூர் பாருவில் அவள் முதல் சுற்றைத் தாண்டினாள். திரும்பி வந்த அன்று, எட்டு மணி வகுப்பு அந்த ஆட்டத்தால்தான் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன்.

“தெரியலக்கா. தெரிஞ்சுக்க வேணாம்னு இருக்கேன்,” என்றாள்.

எனக்கு அப்படி விட முடியவில்லை. மேலாளர் அறையைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் திரையில் என்ன இருக்கிறது என்று இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.