படத்தில் இல்லாத கதவு

கட்டி முடிக்காத வீட்டைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவதுதான் அப்போது என் வேலை. இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு முதலாளி. இன்டீரியர் ஆபீஸ் என்று போர்டு மட்டும் பெரிசாக இருக்கும். ஒரு படம் முழுசாக வெளியே வர மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் கரண்டு போனால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, மூக்குக்கு மேல் கோபம்.

அப்போது எங்களிடம் வந்த ஓர் அக்கா வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டும் கம்பெனியில் வெல்டராக இருந்து, பிறகு கத்தாருக்குப் போனவர். இரண்டு வருஷம் என்று போனவர் வீட்டுக்காக மூன்றாவது வருஷமும் நீட்டிக்கொண்டார். லீவுக்குக்கூட வரவில்லை. மேஸ்திரியோடு மல்லுக்கட்டுவது, மணல் லாரிக்குக் காத்திருப்பது எல்லாம் அக்கா ஒருத்திதான்.

முதல் நாள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். "வாசல்ல நொழைஞ்சதும் ஒரு எடம் வேணும்மா. கதவத் தொறந்தா நேரா ஹாலுல போய் உழற மாதிரி வேணாம். அவரு இருக்கற ரூம்ல கதவத் தொறந்தா கட்டிலு மேலதான் காலு வெக்கணுமாம். எட்டு பேரு படுத்துக்கினு இருக்காங்க. ஊட்டுக்கு வந்தா மெதுவா வரணும்னு ஆசப்படறாரு. செருப்பக் கழட்டி, சாவிய வெச்சி, கண்ணாடில மூஞ்சப் பாத்து, அப்பறம்தான் உள்ள."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடம்பத்தூரில் நாங்கள் இருந்த வாடகைப் போர்ஷனில் கதவைத் திறந்தால் கேஸ் அடுப்பு. வெளியே இருக்கிறவளாகவே வீட்டுக்குள் விழுந்துவிடுவேன். எனக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சைட்டில் போய் டேப் வைத்துப் பார்த்தேன். சுவருக்குச் சுவர் அகலம் ஐந்தடி. வாசல் கதவிலிருந்து ஹால் வளைவு வரை ஏழடி. அவ்வளவுதான் இடம். கதவு உள்பக்கம் திறந்து வலது சுவரோடு ஒட்டி நிற்கும். மூன்றரை அடிக் கதவு. அது நிற்கிற இடத்தில் எதையும் வைக்க முடியாது. அதனால் செருப்பு அலமாரி வலதுபக்கம் கதவு முடிகிற இடத்திலிருந்து ஆரம்பம், நீளம் மூன்றரை அடி. இடதுபக்கம் பத்து அங்குல அகலத்தில் சுவரோடு ஒட்டிய ஒரு மேசை, அதற்கு மேல் கண்ணாடி. நடுவில் தொங்கும் விளக்கு ஒன்று, ஆள் தலையில் இடிக்காத உயரத்தில்.

முதலாளிக்குக் கண்ணாடியை வளைவுக்கு அப்பால் ஹாலின் எதிர்ச்சுவரில், வாசலுக்கு நேராக வைக்க ஆசை. இடம் இரண்டு மடங்காகத் தெரியுமாம். அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "வாசலுக்கு நேரா கண்ணாடி வெச்சா வர்ற லட்சுமி தன் மூஞ்சயே பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவா சார். வந்தவங்க திரும்பிப் போறதெல்லாம் எனக்கு வேணாம்." முதலாளி கண்ணாடியைப் பக்கச் சுவருக்கே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா ஒரு பழைய ஷூவை தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டுக்காரருடையது, பத்தாம் நம்பர், ஒற்றைக் கால். "தட்டு ஆழம் இதுக்குப் பத்தணும்" என்றார். எங்கள் தச்சர் அளந்து பார்த்தார், பன்னிரண்டு அங்குலத்தை எட்டியது. உள் ஆழம் பதிமூன்று என்று குறித்துக்கொண்டோம். அக்கா அந்த ஷூவைத் தரையில் வைத்துவிட்டு, புறப்படும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஷூவைப் பார்த்து ஏங்குகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

படத்தை முதலில் ஒழுங்காகத்தான் போட்டேன். ஆள் வாசற்படியில் நின்றால் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. வலதுபக்கம் திறந்த கதவு, அதற்கப்புறம் அலமாரி, கண்ணாடியில் அலமாரியின் சாய்ந்த பிம்பம், ஏழடியில் வளைவு. முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பீரோவுக்குள்ள பூந்து போட்டோ புடிச்ச மாதிரி இருக்குது. லென்ஸ அகலமாக்கு. கதவத் தூக்கு" என்றார்.

லென்ஸை அகலமாக்கினால் ஒரு வித்தை நடக்கும். கிட்டத்தில் இருப்பது இழுத்த பரோட்டா மாவு மாதிரி நீளும், தூரத்தில் இருப்பது இன்னும் தூரமாக ஓடும். ஏழடி பதினைந்தடி ஆகிவிடும். கதவை மறைத்துவிட்டேன். மேசை நீண்டது. விளக்கு எங்கோ உள்ளே தொங்கியது. அதன் மஞ்சள் வெளிச்சம் பளபளத்த தரையில் பாதை மாதிரி விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அழகாக இருந்தது. அதற்குள் நடந்து போக வேண்டும் என்று எனக்கே கால் துறுதுறுத்தது.

அக்கா பிரிண்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சிமெண்டு இறுகுவதற்காகத் தினமும் அந்த இடத்துச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். "இது நம்ம ஊடாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன்.

"இவ்ளோ பெருசாவா இருக்குது?"

"படத்துல அப்படித் தெரியும்க்கா." பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிட்டேன். படத்தின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. கீழே பிரவுசிங் சென்டரில் நானே உட்கார்ந்து அவர் வீட்டுக்காரருக்கு மெயிலும் அனுப்பிக்கொடுத்தேன்.

அதற்கப்புறம் அக்கா வரும்போதெல்லாம் அந்தப் படத்தின் சேதிதான். வீட்டுக்காரர் அங்கே கத்தாரில் ஆபீசில் கெஞ்சி அதைக் கலரில் பிரிண்ட் எடுத்தாராம். பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாராம். வேலையிடத்திலிருந்து ரூமுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரமாம், அந்த ஒரு மணி நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவாராம். "எங்கூடப் பேசறதவிட அதுங்கூட அதிகமாப் பேசறாரு" என்று அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்தது. அவரும் வந்துவிட்டார், மூன்று வருஷம் கழித்து. வந்து இரண்டு நாள் அக்காவின் அம்மா வீட்டில் தங்கி, நல்ல நாள் பார்த்துப் புது வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. சாவி கொடுக்க முதலாளி போகவேண்டும். "நீ போம்மா, பொம்பளப் புள்ளைன்னா சண்ட போட மாட்டாங்க" என்று என்னை அனுப்பினார். இந்தப் படத்தால் சண்டை வரும் என்று அவர் முன்பே எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

காலை பதினொரு மணி. நானும் அக்காவும் உள்ளே வளைவுக்குப் பக்கத்தில் நின்றோம். விளக்கைப் போட்டு வைத்திருந்தோம். அவர் படியேறி வந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியெல்லாம் வெயில் கறுப்பு. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தார். பையிலிருந்து படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மறுபடி படம். நாங்கள் அவருக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"மீதி எங்க?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "எது மீதி?"

"மேஸ்திரி கைய வெச்சிட்டானா? பாதி எடத்த ஹாலுக்குத் தள்ளிட்டானா? நீ பாத்துக்கினுதான இருந்த? இன்னா பாத்த நீ?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று வருஷம் தனியாக நின்று எழுப்பிய வீட்டின் வாசலில் அக்காவுக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது.

எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. மேஸ்திரி மேலயும் தப்பில்ல. பொய் சொன்னது நான்" என்றேன். பையிலிருந்து டேப்பை எடுத்து அவர் காலடியிலிருந்து வளைவு வரை இழுத்துக் காட்டினேன். ஏழடி. பிளானிலும் ஏழடி. "அகல லென்ஸுல எடுத்தா தூரமாத் தெரியும்ணா. படத்துல கதவே இல்ல பாருங்க. கதவ எடுத்துட்டுதான் படம் போட்டேன்."

அவர் படத்தில் கதவைத் தேடினார். பிறகு தன் பக்கத்தில் சுவரோடு நின்ற நிஜக் கதவைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "இன்னொரு காண்ட்ராக்ட் போய்ட்டு வந்துடறேன். ரெண்டே வருசம். இந்தச் செவுத்த இடிச்சி முன்னால இழுத்துரலாம். ஏஜெண்டு இந்த வாரமே பதில் கேக்கறான்."

அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். நான் இழுத்துவிட்ட எட்டடிக்கு அக்கா இரண்டு வருஷம் கொடுக்க வேண்டுமா? பாவி நான், ஒரு படத்துக்குப் பெருமைப்பட்டேன்.

அவரே தொடர்ந்தார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "பஸ்ல வரும்போது தெனம் இதுல நடப்பேன். ஷூவக் கழட்டிட்டு, சாவிய வெச்சிட்டு, வெளக்கு வரைக்கும் நடந்தா பன்னெண்டு காலடி. எண்ணி வெச்சிக்கினு இருக்கேன். பன்னெண்டாவது காலடில நீ நிப்ப. இங்க நாலு காலடில முடிஞ்சிபோவுது."

அவர் இன்னும் வாசற்படியிலேயேதான் நின்றிருந்தார். உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை.

அக்கா சுவரிலிருந்து கையை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. போனில்கூட வீட்டுக்காரரை அக்கா வாங்க, போங்க என்று மட்டுமே பேசிக் கேட்டிருக்கிறேன்.

"நாலு காலடின்னா சீக்கிரம் வந்துடலாமில்ல" என்றார். "மூணு வருசமா நீ வாசல்லயே நின்னுக்கினு இருக்க. உள்ள வாய்யா."