மூன்றாவது ஸ்லைடு

திருச்சுழி கடைத்தெருவில் ஒரு பிளெக்ஸ் கடை. அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் யுவராணிக்கு வாடிக்கையாளர் என்றாலே இளக்காரம். காதுகுத்துக்கு வரும் தாய்மாமன் நடிகர் மாதிரி கூலிங்கிளாஸ் ஒட்டச் சொல்வான். செத்தவருடைய படத்தைவிடத் தன்னுடைய படம் பெரிதாக இருக்கவேண்டும் என்று அஞ்சலி போஸ்டருக்கு நிற்பான் இன்னொருவன். அவள் யாரிடமும் முகம் சுளிக்கமாட்டாள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு கேட்டதைச் செய்து கொடுத்துவிடுவாள்.

பரளச்சிப் பக்கத்துக் காட்டில் களை வெட்டியே அவளை டிகிரிவரை படிக்கவைத்தவள் அம்மா மாரிக்கனி. இப்போது முட்டி தேய்ந்து, கூலிக்குப் போவதில்லை. கொஞ்சம் வெள்ளாடு வளர்க்கிறாள். மகள் சம்பாதிக்கிறாள்தான். ஆனாலும் ஆட்டுக் காசு தன் காசு என்பதில் அவளுக்குத் தனிக் கெத்து உண்டு. அதனால்தான் பக்கத்து ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் வந்து, மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து மந்தையே சாய்ந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. யுவராணிக்கும்தான். வந்தபிறகு பார்க்க வைத்தியம் இல்லை, வருமுன் ஊசி போட்டால் உண்டு.

இந்த நேரத்தில்தான் தனுஷ்கோடி அண்ணாச்சி கடைக்கு வந்தார். தீவனக்கடை முதலாளி, ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். மைக் கிடைத்தால் கரண்ட் போனால்தான் நிறுத்துவார். தடுப்பூசி முகாமுக்கு ஒரு அறிவிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். முழுப் பக்கம், ஒரே வாக்கியம். மூச்சுவிட ஒரு முற்றுப்புள்ளி கிடையாது.

"இத ஸ்லைடா போட்டுரும்மா. எல்லா வாட்ஸப் குரூப்புக்கும் அனுப்பணும். ஒரு வார்த்த கொறையக் கூடாது. ராத்திரி பூரா ஒக்காந்து எழுதுனது."

யுவராணி படித்தாள். நோய் வந்திருக்கிறது, ஊசி போட்டால் ஆடு மலடாகும் என்ற வதந்தியை நம்பாதீர்கள், ஊசி இலவசம், வியாழக்கிழமை வாருங்கள். அவ்வளவுதான் சங்கதி. அதைச் சுற்றி ஊர்த்தேர் அளவுக்கு ஜோடனை.

"அண்ணாச்சி, ஒரு ஸ்லைடுக்கு ஒரு சேதிதான் வைக்கணும். நோய் வந்திருச்சுன்னு ஒண்ணு. ஊசி போட்டாலும் ஆடு சினை பிடிக்கும்னு ஒண்ணு. எடம், நாள் ஒண்ணு. ஒவ்வொண்ணும் தனியா நின்னாலும் வெளங்கணும். ஒருத்தன் ஒண்ணத்தான் பாப்பான், அந்த ஒண்ணத்தான் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான்."

"ஏன், அடுத்ததத் தள்ளிப் பாக்க அவனுக்குக் கையில்லையா? ஒருத்தர் பேச்ச நடுவுல நறுக்கிட்டு எழுதுனா ருசி போயிரும்மா. தொடர்ச்சின்னு கீழ போடு, தேடிப் பாப்பாங்க. என் போட்டோவ மட்டும் எல்லா ஸ்லைடுலயும் போட்டுரு."

இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமைதானே முகாம், நாளை வாருங்கள் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். யுவராணி அதெல்லாம் செய்யவில்லை. அவர் போட்டோவை எடுத்து நீட்டிய தோரணையைப் பார்த்ததும் அவளுக்குக் குரூரமான ஒரு குஷி வந்துவிட்டது. பட்டுத் திருந்தட்டும் இந்த ஆளு என்று நினைத்தாள்.

எங்கே இடம் தீர்ந்ததோ அங்கே வெட்டினாள். இரண்டாவது ஸ்லைடு 'இவ்வேளையில்' என்று தொங்கியது. மூன்றாவதில் பெரிய எழுத்தில், 'தடுப்பூசி போட்ட ஆடு இனிமேல் சினை பிடிக்காது, மலடாகிப்போகும்'. நான்காவது இப்படித் தொடங்கியது: 'என்று விவரமறியாத சிலர் பரப்பிவரும் வதந்தியை நம்பாமல்'. மூன்றாவதன் அடியில் பொடி எழுத்தில் 'தொடர்ச்சி'. எல்லாவற்றிலும் சங்கத்தின் முத்திரை, கைகூப்பிச் சிரிக்கும் அண்ணாச்சி, மூலையில் கடையின் பெயர்.

மூன்றாவது மட்டும் தனியாகப் போனால் வதந்தியையே சொல்லும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். ஆட்டுக்காகத் தூங்காமல் கிடக்கும் அம்மா எப்படியும் முகாமுக்குப் போய்விடுவாள் என்று இருந்தாள்.

மறுநாளே அண்ணாச்சி வந்து மார்தட்டினார். "எந்தக் குரூப்பத் தொறந்தாலும் நம்ம ஸ்லைடுதாம்மா ஓடுது! அதுலயும் மூணாவது இருக்கு பாரு, அதுக்குத்தான் மவுசு!"

யுவராணி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஏன் அதற்கு மட்டும் மவுசு என்று யோசிக்கிற மூளை இருந்தால் இவர் ஏன் ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம் எழுதப்போகிறார்?

வியாழக்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார். மருத்துவர் ஐஸ் பெட்டியோடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாராம். ஆடு வந்தது சொற்பமாம். "படிக்கத் தெரியாத பயலுகம்மா நம்ம ஊர்க்காரனுக. எழுதி எழுதிச் சொல்லியும் வரலியே!" என்று பொரிந்தார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வடை தின்றாள். மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது மாரிக்கனி ஆடுகளுக்குக் கொடிக்கா இலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, ஆட்ட ஓட்டிட்டுப் போனீகளா? நல்லபடியா ஊசி போட்டாகளா?"

"நான் எதுக்குப் போறேன்? நீதான் போவேணாம்னு சொல்லிட்டியே."

"நானா?"

மாரிக்கனி இடுப்பிலிருந்த போனை எடுத்து நீட்டினாள். மூன்றாவது ஸ்லைடு. மருமகள் முறைக்காரி அனுப்பியது. அது மட்டும்தான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. பொடி எழுத்துத் தொடர்ச்சி அவள் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

"அந்தத் தீவனக்கடைக்காரன் சொன்னா நான் நம்புவனா? கீழ ஒங்க கடப் பேரு இருந்துச்சு. எம்மக செஞ்சது, பொய் இருக்காதுன்னு தெருவுக்கே சொன்னேன். ஒருத்தரும் ஆட்டக் கட்டுத்தறிய விட்டு அவுக்கல."

தனுஷ்கோடி படவேண்டும் என்றுதான் யுவராணி நினைத்தாள். அவருக்கு என்ன, நாளைக்கும் தீவனம் விற்பார். இத்தனை நாள் ஊரிலுள்ள முட்டாள்களை எல்லாம் எடைபோட்ட தராசில் இன்று தன்னையே ஏற்றிப் பார்த்தாள். அருவருப்பாக இருந்தது.

முதலில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு மூன்றாவது ஸ்லைடு என்ன செய்தது என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. தன் போனைத் திறந்து பார்த்தபிறகுதான் நம்பினார். மருத்துவரிடம் கெஞ்சி, சனிக்கிழமை மறுபடி வரச் சம்மதம் வாங்கினார். அவள் அன்று ராத்திரியே போனில் ஸ்லைடுகளைப் புதிதாகச் செய்தாள். 'தடுப்பூசி போட்ட ஆடு நன்றாகச் சினை பிடிக்கும்.' அது ஒரு ஸ்லைடு. 'ஆட்டுக்கொல்லி வந்தபின் மருந்து இல்லை, வருமுன் ஊசி உண்டு.' அது ஒன்று. 'சனிக்கிழமை காலை, பரளச்சி, ஊசி இலவசம்.' எதை எடுத்து எவனுக்குத் தள்ளினாலும் முழுசாகவே போய்ச் சேரும். வதந்தியைச் சொல்லி மறுக்கிற வேலையே இல்லை. அண்ணாச்சியின் போட்டோவும் இல்லை, அவர் அதைக் கேட்கவும் இல்லை.

முதல் ஆளாக அம்மாவுக்குத்தான் அனுப்பினாள். மாரிக்கனி ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். எல்லாம் விளங்கியது. பிறகு போனை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போன தடவ வந்ததும் நீ செஞ்சதுதானே, ராணி?"

சனிக்கிழமை யுவராணி கடைக்கு லீவு போட்டாள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். சிலர் வந்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. அம்மா கயிற்றைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள். யுவராணி ஆடுகளை இழுத்துக்கொண்டு பரளச்சி ரோட்டில் நடந்தாள். ஊசி போடும்போது ஒவ்வொன்றின் காதையும் அவளே பிடித்திருந்தாள்.